பயணப் பணம் எப்போது கைக்கு வரும்?

வெளிநாட்டுக் கருத்தரங்கில் கட்டுரை வாசிக்க நிதி கிடைத்துவிட்டது என்று ஓர் ஆய்வு மாணவி வீட்டில் வந்து சொன்னால், யாரோ டிக்கெட் எடுத்துக் கொடுத்து, கையில் செலவுக்கும் கொடுத்து அனுப்புகிறார்கள் என்றுதான் வீட்டார் நினைப்பார்கள். கிடைத்திருப்பது ஒரு கடிதம். நீ போய்வா, உன் பணத்தைச் செலவழி, ரசீதுகளைக் கொண்டுவா, அவை சரியாக இருந்தால் இந்தத் தொகை வரை திருப்பித் தருகிறோம் என்பதுதான் அதன் பொருள். இந்தியாவில் மாணவர்களுக்கான பயண நிதியில் பெரும்பகுதி இப்படித்தான் நடக்கிறது. செலவு முதலில், பணம் கடைசியில். இடையில் ஓடும் மாதங்களைச் சமாளிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பணம் யாருடையது என்பதை முதலில் பார்த்துவிடலாம். சோழவந்தான் பக்கத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் ஆய்வுக்குப் பதிவு செய்வது நாகமலையை ஒட்டிப் பல்கலை நகரில் இருக்கும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில், அல்லது அதன் இணைவு பெற்ற கல்லூரிகளில். 1966-இல் தொடங்கிய இந்தப் பல்கலைக்கழகம் சமீப ஆண்டுகளில் நிதி நெருக்கடியில் இருக்கிறது. சம்பளமும் ஓய்வூதியமும் தாமதமானதற்காகப் போராட்டங்கள் நடந்ததைச் செய்தித்தாள்களில் பார்த்திருப்பீர்கள். அதனால் பல்கலைக்கழகத்தின் சொந்தப் பணத்தை நம்பி விமானம் ஏறுவது புத்திசாலித்தனம் இல்லை. வெளியிலிருந்து வரும் பணத்தைத் தேடுவதுதான் நடைமுறை.

அறிவியல் மாணவர்களுக்கு அப்படிப்பட்ட முக்கிய வழி, ஒன்றிய அரசின் சர்வதேசப் பயண உதவித் திட்டம். முன்பு செர்ப் என்ற வாரியம் இதை நடத்தியது. 2023-இல் வந்த சட்டத்தின்படி அந்த வாரியம் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குள் போய்விட்டது. சிக்கன வகுப்பு விமானக் கட்டணம், விசாக் கட்டணம், 35 வயதுக்குக் கீழே இருந்தால் கருத்தரங்கின் பதிவுக் கட்டணம் ஆகியவற்றை இந்தத் திட்டம் ஏற்றுக்கொள்ளும் என்பது அதன் நெடுநாள் வழக்கம். தங்குமிடமும் சாப்பாடும் நம் பொறுப்பு. சமூக அறிவியல் மாணவர்களுக்கு இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம் உண்டு. ஜே.ஆர்.எஃப். வாங்குபவர்களுக்கு ஆண்டுதோறும் வரும் கன்டின்ஜென்சி தொகை இருக்கிறது. அறிவியல் பிரிவில் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு 12,000 ரூபாய், கலைப் பிரிவில் 10,000 ரூபாய். உள்நாட்டில் ஒரு கருத்தரங்குக்கு ரயிலில் போய்வர அது உதவும். ஜெர்மனிக்குப் போதாது.

ஒரு கணக்கைப் போட்டே பார்க்கலாம். சோழவந்தான் வெற்றிலைக் கொடியில் வரும் வாடல் நோயைப் பற்றி ஆய்வு செய்யும் மாணவி ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். செப்டம்பர் நடுவில் ஜெர்மனியில் நடக்கும் தாவர நோயியல் கருத்தரங்கில் பேச அவளுக்கு மே மாதம் ஒப்புதல் வருகிறது. ஒரு யூரோ 100 ரூபாய் என்று எளிதாக வைத்துக்கொண்டால், மாணவர் பதிவுக் கட்டணம் 300 யூரோ, அதாவது 30,000 ரூபாய். விமானம் போகவர 75,000. ஷெங்கன் விசாக் கட்டணம் 90 யூரோ, அதாவது 9,000. விசா மையத்தின் சேவைக் கட்டணம் 2,000 என்று வையுங்கள். 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு இல்லாமல் அந்த விசா கிடைக்காது; அதற்கு இன்னொரு 2,000. நான்கு இரவு தங்க 24,000, சாப்பாட்டுக்கும் உள்ளூர் வண்டிக்கும் 8,000, விசாவுக்குக் கைரேகை வைக்கச் சென்னை போய்வர 2,000. மொத்தம் 1,52,000 ரூபாய்.

இதில் திட்டம் ஏற்பது விமானம், பதிவு, விசாக் கட்டணம். சேர்த்தால் 1,14,000. மீதி 38,000 அவள் கையைவிட்டுப் போவது, திரும்பாது. அதைவிடக் கனமான விஷயம், ஊர் திரும்பி பில் போடும் நாளில் அவள் 1,52,000-ஐயும் செலவழித்து முடித்திருப்பாள், ஒரு ரூபாயும் வந்திருக்காது. நம் பக்கத்தில் இந்த இடைவெளியை நிரப்புவது பெரும்பாலும் அம்மாவின் நகைதான். ஒரு லட்ச ரூபாய் நகைக்கடனுக்கு ஆண்டுக்கு 10 சதவீதம் வட்டி என்று வைத்தால், ஆறு மாதத்தில் 5,000 ரூபாய். இந்த வட்டியை எந்த நிதியும் தராது. ஆனால் செலவுக் கணக்கில் அதையும் எழுதிவைத்துக்கொண்டுதான் முடிவெடுக்க வேண்டும்.

இனி தேதிகள். தொல்லை தொடங்குவது இங்கேதான். ஒப்புதல் மே மாதம் வந்தது. சலுகைக் கட்டணத்தில் பதிவு செய்யக் கடைசி நாள் ஜூன் கடைசி. நிதிக்கான விண்ணப்பத்தையும் ஜூனில்தான் போடுகிறாள். நிதிக்கான ஆணை, அதாவது சாங்ஷன் ஆர்டர், ஆகஸ்டில் வருகிறது. ஆக, பதிவுக் கட்டணத்தின் ரசீதில் ஜூன் தேதி, ஆணையில் ஆகஸ்ட் தேதி. பில்லைப் பார்க்கும் எழுத்தரின் கண் முதலில் போவது இந்த இரண்டு தேதிகள் மேல்தான். அனுமதிக்கு முன்பே செய்த செலவை அனுமதிக்கலாமா என்று கேள்வி எழும். சில நிதிகளில் விண்ணப்பத் தேதிக்குப் பின் செய்த செலவு செல்லும், சிலவற்றில் ஆணைத் தேதிக்குப் பின் செய்தது மட்டும்தான் செல்லும்.

இதற்கு நம் அலுவலகங்களில் பழைய மருந்து ஒன்று உண்டு. பின்னேற்பு என்பார்கள். முன்பே நடந்துவிட்ட செயலுக்குப் பிறகு தரும் அனுமதி. ஆனால் பின்னேற்பு கேட்பதைவிட முன்னேற்பாடு சுலபம். பணம் கட்டுவதற்கு முன்பே, நெறியாளர் வழியாகத் துறைத் தலைவருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுத வேண்டும். கருத்தரங்கின் பெயர், நாள், கட்டுரைத் தலைப்பு, எதிர்பார்க்கும் செலவு, எந்த நிதிக்கு விண்ணப்பித்திருக்கிறேன், பதிவுக்கு இந்த நாள் கடைசி என்பதால் இப்போதே கட்ட அனுமதி வேண்டும். அந்தக் கடிதத்தில் துறைத் தலைவர் தேதியோடு கையெழுத்திட்ட பிரதி ஒன்று உங்கள் கோப்பில் இருந்தால், நான்கு மாதம் கழித்து எழும் கேள்விக்கு அன்றே பதில் எழுதியாகிவிட்டது. இணைவு பெற்ற கல்லூரியில் ஆய்வு செய்பவருக்கு முதல்வரின் கையெழுத்தும் வேண்டும். உதவித்தொகை வாங்குபவர் அதே கடிதத்தில் அந்த நாட்களைப் பணி நாட்களாகக் கருதும்படியும் கேட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் பயணப் பணம் வருவதற்குள் மாதத் தொகை பிடித்தம் ஆகும்.

ஆணை வந்ததும் தொகையை மட்டும் பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பில் போடாமல், கீழே பொடி எழுத்தில் இருக்கும் நிபந்தனைகளைப் படியுங்கள். அங்கே நான்கு விஷயங்களைத் தேட வேண்டும். எந்தெந்தச் செலவு, ஒவ்வொன்றுக்கும் உச்சவரம்பு எவ்வளவு. பயணம் எங்கிருந்து கணக்காகும். டிக்கெட்டை யாரிடம் எடுக்க வேண்டும். திரும்பிய பின் எத்தனை நாளுக்குள் பில் போட வேண்டும்.

எங்கிருந்து என்பது சோழவந்தான்காரர்களுக்குத் தேவையான கேள்வி. அலுவலகக் கணக்கில் உங்கள் ஊர் நீங்கள் வேலை செய்யும் நிறுவனம் இருக்கும் இடம்தான். வீட்டிலிருந்து மதுரை வரை வந்த செலவைப் பில்லில் சேர்த்தால், அந்த ஒரு வரிக்காக முழுப் பில்லும் திரும்பி வர வாய்ப்பிருக்கிறது. விமானத்துக்கும் மிகக் குறுகிய வழி என்ற நிபந்தனை உண்டு. போகிற வழியில் துபாயில் மாமா வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகலாம் என்று டிக்கெட் எடுத்தால், நேர்வழிக் கட்டணம் எவ்வளவு என்று நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில் விழும். அப்படிப் போகத்தான் வேண்டுமென்றால், நேர்வழிக் கட்டணம் தெரியும் ஸ்கிரீன்ஷாட்டை டிக்கெட் எடுக்கும் அன்றே தேதியோடு எடுத்துவையுங்கள். பிறகு எடுத்தால் விலை மாறியிருக்கும்.

யாரிடம் என்பதில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஏர் இந்தியா அரசிடம் இருந்தவரை, அரசுப் பணத்தில் பறந்தால் அதில்தான் பறக்க வேண்டும் என்று விதி இருந்தது. அது டாட்டாவிடம் போன பிறகு, 2022 ஜூனில் ஒன்றிய நிதி அமைச்சகம் புதிய உத்தரவு போட்டது. அரசு ஊழியர்களின் விமான டிக்கெட்டை மூன்று இடங்களில் மட்டுமே எடுக்கலாம்: பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐ.ஆர்.சி.டி.சி. கூடுமானவரை 21 நாட்களுக்கு முன்பே எடுக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. மாணவர் அரசு ஊழியர் இல்லைதான். ஆனால் ஒன்றிய அரசின் பணம் வரும் இடங்களில் இதே நிபந்தனையை ஆணையில் ஒட்டிவிடுகிறார்கள். வேறு இணையதளத்தில் ஐயாயிரம் ரூபாய் மலிவாகக் கிடைத்தது என்று பெருமையாக எடுத்துக்கொண்டு வந்த டிக்கெட், விதிப்படி செல்லாத டிக்கெட் ஆகிவிடலாம். இந்த நிபந்தனை உங்கள் ஆணையில் இருந்தால் மூன்றில் எளிது ஐ.ஆர்.சி.டி.சி.தான். ரயில் டிக்கெட்டுக்குப் பழகிய பெயர், விமானத்துக்குத் தனித் தளம் வைத்திருக்கிறார்கள், சோழவந்தானில் உட்கார்ந்தபடியே எடுக்கலாம்.

ஆணை தாமதமாக வந்தால் 21 நாள் என்ன ஆகும்? நம் மாணவிக்கு ஆணை ஆகஸ்டில் வருகிறது, விசா இன்னும் வாங்கவில்லை. விசா இல்லாமல் டிக்கெட் வாங்கினால் பணம் போகலாம், வாங்காமல் இருந்தால் விலை ஏறும். ஷெங்கன் விசா விண்ணப்பத்துக்குப் பணம் கட்டி முடித்த டிக்கெட் கட்டாயமில்லை, முன்பதிவு விவரம் போதும் என்பது இங்கே கைகொடுக்கும். விண்ணப்பம் முழுமையாக இருந்தால் வழக்கமாக 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது அவர்கள் விதி, ஆனால் கைரேகை வைக்க நாள் கிடைப்பதற்கே காத்திருக்க நேரும். ஆணை வருவதற்கு முன்பே அந்த நாளைப் பிடித்துவைப்பது நல்லது. விசா மறுக்கப்பட்டால் கட்டிய கட்டணம் திரும்பாது. பயணமே நடக்காதபோது அந்த 9,000 ரூபாயை நிதி தருபவரிடம் கேட்டுப் பெறுவதும் கடினம்.

ரசீதுகளுக்கு வருவோம். பில் திரும்பி வருவதற்கான காரணங்களில் ஏமாற்று வேலை அபூர்வம். தாள் குறைபாடுதான் அதிகம்.

முதலாவது, இன்வாய்ஸ் வேறு, ரசீது வேறு. கருத்தரங்கின் தளத்தில் பதிவு செய்தவுடன் மின்னஞ்சலில் வருவது பல நேரம் இன்வாய்ஸ். இவ்வளவு கட்டு என்று கேட்கும் தாள் அது. கட்டிவிட்டாய் என்று சொல்லும் தாள்தான் ரசீது. இரண்டும் ஒரே அச்சில் இருப்பதால் மாணவர்கள் முதலில் வந்ததை இணைத்துவிடுகிறார்கள். பணம் பெறப்பட்டது என்ற வாசகம், பெற்ற தேதி, உங்கள் பெயர் மூன்றும் அந்தத் தாளில் இருக்கின்றனவா என்று பாருங்கள். யூரோவில் கட்டியதற்கு ரூபாயில் எவ்வளவு போனது என்பதை ரசீது சொல்லாது, வங்கியின் கணக்குத் தாள்தான் சொல்லும். அந்த வரியைக் கோடிட்டு இணைத்தால், எந்த நாளின் மாற்று விகிதம் என்ற விவாதம் எழாது. நெறியாளரின் கார்டிலோ அண்ணனின் கார்டிலோ கட்டியிருந்தால், என் கார்டில் இவருக்காகக் கட்டினேன், அந்தத் தொகையை இவரிடம் பெற்றுக்கொண்டேன் என்று கார்டுக்காரரிடம் ஒரு கையெழுத்துக் கடிதம் வேண்டும்.

இரண்டாவது, போர்டிங் பாஸ். டிக்கெட் வாங்கியதற்குச் சான்று டிக்கெட், பறந்ததற்குச் சான்று இதுதான். மதுரையிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து வளைகுடா, அங்கிருந்து பிராங்பர்ட், அதே வழியில் திரும்ப என்றால் மொத்தம் ஆறு. தொலைவது எப்போதும் திரும்பி வரும்போதுதான். களைப்பில் இருக்கைப் பையிலேயே விட்டுவிட்டு இறங்கிவிடுவார்கள். கைபேசியில் வாங்கிய பாஸ் பயணம் முடிந்தபின் செயலியிலிருந்து மறைந்துவிடுவதுண்டு, ஆகவே ஏறும் முன்பே படம் பிடித்துக்கொள்ளுங்கள். தொலைந்துவிட்டால் பயணம் செய்ததாகச் சான்றிதழ் தரும்படி விமான நிறுவனத்துக்கு உடனே எழுத வேண்டும். நாளாக ஆக அது கிடைப்பது கடினம்.

மூன்றாவது, சான்றிதழில் இருக்கும் சொல். கலந்துகொண்டார் என்று இருந்தால் போதாது, கட்டுரை வாசித்தார் என்று இருக்க வேண்டும். நிதி கொடுத்தது வாசிப்பதற்குத்தான். பல கருத்தரங்குகளில் எல்லோருக்கும் பொதுவாகக் கலந்துகொண்ட சான்றிதழைத்தான் அடித்துவைத்திருப்பார்கள். இரண்டாம் நாளே பதிவு மேசையில் போய்க் கேட்டால் மாற்றித் தந்துவிடுவார்கள். ஊருக்கு வந்தபின் மின்னஞ்சலில் கேட்டால் அந்த மேசையே இருக்காது.

இன்னொரு சிக்கல் நமக்கே உரியது: பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து பின்னால் நிற்கும். பல்கலைக்கழகப் பதிவில் இனிஷியல் முன்னால். வங்கிக் கணக்கில் இனிஷியல் பின்னால். விமான டிக்கெட்டில் பாஸ்போர்ட் பெயர், கருத்தரங்கின் சான்றிதழில் நீங்கள் அவசரத்தில் தட்டச்சு செய்த பெயர். நம்மைப் பொறுத்தவரை எல்லாம் ஒரே ஆள், மென்பொருளுக்கும் தணிக்கையாளருக்கும் அப்படி இல்லை. விண்ணப்பம் முதல் சான்றிதழ் வரை பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். வங்கிக் கணக்கில் மாறியிருந்தால், இரண்டும் ஒருவரே என்று துறைத் தலைவரிடம் ஒரு சான்று வாங்கிப் பில்லோடு வையுங்கள்.

கருத்தரங்கு நடத்துபவர்களே சில மாணவர்களுக்கு உதவி தருவதுண்டு. அவர்கள் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும்போது படிவத்தில் ஐபான் எண் கேட்பார்கள். இந்திய வங்கிகளில் அந்த எண்ணே கிடையாது. கணக்கு எண்ணும் ஸ்விஃப்ட் குறியீடும் தந்து, இந்தியாவில் ஐபான் இல்லை என்று குறிப்பு எழுத வேண்டும். சிறிய ஊர்க் கிளைகள் பலவற்றுக்குத் தனி ஸ்விஃப்ட் குறியீடு இருக்காது. வங்கியின் அந்நியச் செலாவணிக் கிளைக்கு உரிய குறியீட்டை மேலாளரிடம் கேட்டு வாங்குங்கள். இப்படி ஓர் உதவி வந்தால் அதை முதல் நிதிக்கு எழுதித் தெரிவித்தே ஆக வேண்டும். பதிவுக் கட்டணத்தை அவர்கள் தள்ளுபடி செய்துவிட்டால், இங்கே விமானத்தையும் விசாவையும் மட்டும் கேட்க வேண்டும். ஒரே செலவுக்கு இரண்டு இடத்தில் வாங்கினால் அது தணிக்கையில் நிச்சயம் கண்ணில் படும், மாட்டிக்கொள்வது மாணவர் மட்டுமல்ல, கையெழுத்துப் போட்ட நெறியாளரும்தான்.

பில் போடும் கெடு நிதிக்கு நிதி மாறும். ஒன்றிய அரசு ஊழியர்களுக்குப் பயணம் முடிந்து 60 நாள் என்று 2018-இல் குறைத்தார்கள், அதற்கு முன் ஓராண்டு இருந்தது. மாணவர் நிதிகளில் இதைவிடக் குறைவாகவும் இருக்கும். எதுவாக இருந்தாலும் திரும்பிய முதல் வாரத்திலேயே போடுங்கள், தாள்களும் ஞாபகமும் அப்போதுதான் கூட இருக்கும். ஒரு பக்கப் பயண அறிக்கை, செலவுப் பட்டியல், அதில் உள்ள வரிசை எண்படியே எண்ணிட்ட ரசீதுகள், ஆணையின் பிரதி, வங்கி விவரம். 5,000 ரூபாய்க்கு மேல் என்பதால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்திட்ட முன்ரசீதும் கேட்பார்கள். பணம் வாங்குமுன்பே வாங்கிக்கொண்டேன் என்று எழுதுவது விநோதமாகத் தோன்றினாலும், அதுதான் நடைமுறை. வெப்பத்தாளில் அச்சான ரசீதுகள் சில மாதங்களில் வெளுத்துவிடும், அவற்றோடு ஒரு நகலும் இணையுங்கள். மொத்தக் கட்டையும் ஸ்கேன் செய்து ஒரே கோப்பாக வைத்துக்கொண்டபிறகே அசலைக் கொடுக்க வேண்டும்.

பிறகு காத்திருப்பு. நம் மாணவி அக்டோபர் முதல் வாரம் பில் கொடுத்தாள் என்றால், துறை, பதிவாளர் அலுவலகம், நிதிப் பிரிவு என்று கடந்து வெளியே போகவே நவம்பர் ஆகலாம். பணம் நேரே அவள் கணக்குக்கா, பல்கலைக்கழகக் கணக்குக்கா என்பது ஆணையில் இருக்கும். பல்கலைக்கழகக் கணக்குக்கு வந்தால் அங்கிருந்து அவளுக்கு வர இன்னொரு கோப்பு நகர வேண்டும். ஜனவரிக்குள் வந்தால் நல்ல வேகம். மார்ச் 31 தாண்டினால் அந்த நிதியாண்டின் ஒதுக்கீடு முடிந்து, புதிய ஒதுக்கீடு வரும்வரை கோப்பு தூங்கும். பிப்ரவரி, மார்ச்சில் நடக்கும் கருத்தரங்குகளுக்குப் போகிறவர்கள் இந்த ஆபத்தைத் தெரிந்தே போக வேண்டும். கோப்பு எங்கே என்று கேட்கப் போகும்போது பெயரைச் சொல்லாதீர்கள், கோப்பு எண்ணைச் சொல்லுங்கள். ஆட்சேபணை எழுதித் திருப்பினால், பதிலையும் எழுத்திலேயே கொடுத்துப் பிரதியில் முத்திரை வாங்குங்கள். மாதக்கணக்கில் பதிலே இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தில் கோப்பின் நிலையைக் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் அதற்கு முன் நெறியாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

சில துறைகளில் திட்ட நிதியிலிருந்து முன்பணம் கொடுப்பார்கள். கிடைத்தால் நகை வீட்டிலேயே இருக்கும். ஆனால் முன்பணம் உங்கள் பெயரில் நிற்கும் கடன். பயணம் முடிந்து கணக்குக் காட்டி, மிச்சத்தைத் திருப்பிக் கட்டி, பதிவேட்டில் உங்கள் பெயருக்கு எதிரே நேர்செய்யப்பட்டது என்று எழுதும்வரை அது கழியாது. இரண்டு ஆண்டு கழித்து ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கப் போகும்போது பாக்கி இல்லைச் சான்று கேட்பார்கள், அந்தப் பதிவேட்டை அப்போதுதான் திறப்பார்கள். நேர்செய்த அன்றே அந்த வரியை ஒரு பிரதி எடுத்து ஆய்வுக் கோப்பில் வைத்துவிடுங்கள்.